உண்ணியப்பம் எண்ணெய் குடித்தால், கரைந்தால், கல்லானால்: அறிகுறிவழி பிழை நீக்கம்

அரிசிமாவு, வெல்லம், பழம் கலந்த மாவைக் குழிச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சுடும் உண்ணியப்பம் சரியாக வந்திருக்கிறதா என்பதை வாயில் போடும் முன்பே சொல்லிவிடலாம். ஆறிய அப்பத்தை இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மேல்தோல் சிறிது எதிர்த்துவிட்டு அமுங்க வேண்டும், விரலை எடுத்ததும் மெல்ல எழ வேண்டும். விரலில் மினுமினுப்பு படிவது இயல்பு. எண்ணெய் ஈரமாக ஒட்டுவது இயல்பன்று. பிட்டுப் பார்த்தால் சிறு துளைகள் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். கொல்லம் மாவட்டத்துக் கொட்டாரக்கரை கணபதி கோவிலில் நிவேதியமாகும் உண்ணியப்பமானாலும், கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் சுடப்படுவதானாலும், நல்ல அப்பத்தின் இலக்கணம் இதுதான்.

இந்தப் பலகாரத்தில் பெரும்பாலான குறைகள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கரைத்த மாவில் உள்ள நீர் இரண்டு நிலைகளில் இருக்கிறது: அரிசிமாவு உள்ளே இழுத்துக்கொண்ட நீர் ஒன்று, மாவுத் துகள்களுக்கு வெளியே தனியாக நிற்கும் நீர் மற்றொன்று. மாவு குடித்த நீர்தான் சூட்டில் அதை வேகவைத்து, ஆறிய பிறகும் உள்ளே மென்மையாக வைத்திருக்கிறது. தனியாக நிற்கும் நீரோ எண்ணெயில் பட்டதும் ஆவியாக வெளியேறி, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகளில்தான் எண்ணெய் குடியேறுகிறது. ஆகவே மென்மையும் எண்ணெய்க் குறைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணி ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மாவு நன்றாக ஊறியிருந்தால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

கீழே சொல்லப்படும் திருத்தங்கள் எல்லாம் ஒரு அடிப்படை அளவை வைத்துச் சொல்லப்படுவதால் அதை முதலில் தருகிறேன். பச்சரிசி மாவு 300 கிராம், வெல்லம் 200 கிராம், அதைக் கரைக்க 150 மில்லி நீர், தோல் உரித்த பழம் 150 கிராம், நெய்யில் பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, கறுப்பு எள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இதில் ஏறக்குறைய 30 சிறிய அப்பங்கள் வரும். பழத்தை எண்ணிக்கையில் சொல்லாமல் எடையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் இதற்கு வழக்கமாக எடுப்பது பாளையங்கோடன். தமிழ்நாட்டில் நாம் பூவன் என்று வாங்குவது அதே இனம். அந்தப் பழம் சிறியது, மூன்று பழம் போதும். அதே மூன்றை ரோபஸ்டாவில் போட்டால் பழத்தின் அளவு இரண்டு மடங்காகிவிடும். நேந்திரம்பழம் போடுவதாயின் தோல் நன்றாகக் கறுக்கும் வரை காத்திருக்க வேண்டும். அரைப்பழுப்பு நேந்திரத்தில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால் அது அப்பத்தை இறுக்குமே தவிர மென்மையாக்காது.

வெல்லம் நீரில் கரைந்து ஒரு கொதி வரும் வரை மட்டும் சூடாக்கி, வடிகட்டி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு மாவில் ஊற்ற வேண்டும். பழத்தைக் கட்டியில்லாமல் மசித்தோ, ஆறிய வெல்லக் கரைசலில் சிறிதளவுடன் அரைத்தோ சேர்க்கலாம். கலந்த மாவு இட்லி மாவை விடச் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும்: கரண்டியிலிருந்து ஊற்றும்போது நூலாக ஓடாமல் பட்டையாக விழுந்து, விழுந்த தடம் இரண்டு மூன்று நொடி மேலே நின்று பிறகு மறைய வேண்டும். இந்தத் தடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் இதையே அளவுகோலாகச் சொல்லப்போகிறேன். மாவை மூடிக் குறைந்தது 4 மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால் அது தடித்திருக்கும். அப்போது வெதுவெதுப்பான நீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்து மறுபடி அதே பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலிலேயே நீரை அள்ளி ஊற்றிவிட்டால், மாவு எவ்வளவு குடித்தது, எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அறிய வழியே இராது.

அப்பம் எண்ணெய் குடித்திருக்கிறது

மிகுதியாகக் கேட்கப்படும் குறை இதுதான் என்பதால் இதை விரிவாகப் பார்ப்போம். பரிகாரம் தேடும் முன் ஓர் அப்பத்தைக் குறுக்கே வெட்டி, எண்ணெய் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

மேல்தோல் மட்டும் எண்ணெயில் நனைந்து, உள்பகுதி உலர்ந்து மென்மையாக இருந்தால் மாவில் குறையில்லை. எடுத்து வடிக்கும் முறையில்தான் குறை. பொரிக்கும் பலகாரம் எண்ணெய் சட்டியில் வேகும்போது மட்டுந்தான் எண்ணெயைக் குடிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வேகும் நேரம் முழுவதும் உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போவது குறைவு. சட்டியிலிருந்து எடுத்த பிறகுதான் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துளைகளின் வழியாக உள்ளே இழுக்கிறது. ஆகவே எடுத்த முதல் அரை நிமிடத்தில் மேலே எவ்வளவு எண்ணெய் ஒட்டியிருக்கிறதோ, அதில் பெரும்பகுதி உள்ளே போகும். அப்பத்தைக் கம்பியால் குத்தித் தூக்கியதும் குழியின் விளிம்பில் ஒருமுறை தட்டி, எண்ணெய் சொட்டுவது நிற்கும் வரை சட்டிக்கு மேலேயே பிடித்திருங்கள். பிறகு கம்பி வலையிலோ துளையுள்ள வடிதட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் வையுங்கள். சூடான அப்பங்களைப் பாத்திரத்தில் குவித்தால் மேலே உள்ளதிலிருந்து வடியும் எண்ணெயைக் கீழே உள்ளது குடித்துவிடும். அடித்தட்டு அப்பங்கள் மட்டும் எப்போதும் எண்ணெயாக இருக்கின்றன என்று சொல்பவர்கள் இதையே முதலில் திருத்த வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, கடைசி ஈட்டை எண்ணெயின் மிச்சச் சூட்டில் விட்டுவைப்பதும் இதே விளைவைத் தரும்.

வெட்டிய பகுதியில் பெரிய ஓட்டைகள் தெரிந்து, ஓட்டைகளின் உட்சுவர் எண்ணெயில் பளபளத்தால் அது மாவின் குறை. மாவு நீர்த்திருக்கலாம், அல்லது ஆப்பச்சோடா மிகுந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய அப்பத்தின் உருவமே போதும். நீர்த்த மாவு குழியின் அடியில் தட்டையாகப் படிந்து, விளிம்பில் வலைபோன்ற முறுகலை உண்டாக்கும். சோடா மிகுந்த மாவோ எண்ணெயில் உப்பி எழுந்து, எடுத்ததும் நடுவில் குழிந்துவிடும். நிறம் வழக்கத்தைவிடக் கறுத்து, நாக்கில் சவர்க்காரச் சுவை லேசாகத் தட்டும். நீர்த்த மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு சேர்த்துக் கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, பழைய தடச் சோதனையைப் பாருங்கள். சேர்த்த உடனே ஊற்றினால் புது மாவு ஊறாமல் நறநறவென்று நிற்கும். சோடா மிகுந்துவிட்ட மாவை எதைக் கொண்டும் மீட்க முடியாது. சோடா சேர்க்காத மாவு இன்னொரு பங்கு கரைத்து இதனுடன் கலந்துவிடுவது ஒன்றே வழி. என் கருத்தில், நன்றாகப் பழுத்த பழம் போட்டு ஊறவைத்த மாவுக்கு ஆப்பச்சோடாவே தேவையில்லை. போட்டுத்தான் ஆகவேண்டும் என்பவர்கள் 300 கிராம் மாவுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போகாமல், சுடுவதற்குச் சற்று முன்னால் சேர்க்கட்டும். இரவே சேர்த்துவைத்தால் வெல்லத்திலும் பழத்திலும் உள்ள புளிப்போடு அது வினைபுரிந்து முடிந்துவிடும். காலையில் குமிழியும் இராது, சுவையும் கெட்டிருக்கும்.

மூன்றாவது வகை, துளைகளே இல்லாமல் உள்பகுதி களிபோல் கனத்து, கீழ்ப்பாதி எண்ணெயில் ஊறியிருப்பது. இங்கே எண்ணெயின் சூடு போதவில்லை. சூடான எண்ணெயில் விழுந்த மாவின் மேற்புறம் சில நொடிகளில் வெந்து தோலாகிவிட வேண்டும். அந்தத் தோல்தான் எண்ணெயைத் தடுக்கிறது. சூடு குறைவாக இருந்தால் தோல் உருவாகவே நேரமெடுக்கிறது, அதற்குள் மாவு எண்ணெயோடு கலந்துவிடுகிறது. வெப்பமானி இருப்பவர்கள் 165 முதல் 175 பாகை செல்சியஸ் வரை வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் ஒரு மிளகளவு மாவைக் குழியில் விட்டுப் பார்க்கலாம்: அது அடியில் தங்கி இரண்டு நொடிக்குள் நுரைத்து மேலே வந்தால் சரியான சூடு, அடியிலேயே கிடந்தால் போதாது, விழுந்தவுடன் கருகினால் மிகை. தேங்காயெண்ணெயில் புகை தெரியத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது ஈடு எண்ணெய் குடிக்கிறதென்றால், குளிர்ந்த எண்ணெயைக் குழிகளில் ஊற்றி நிரப்பியவுடனே மாவையும் ஊற்றியிருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றிய பின் ஒரு நிமிடமாவது காத்திருந்து, மறுபடி சோதித்த பிறகே அடுத்த ஈட்டைத் தொடங்க வேண்டும்.

குழியில் எவ்வளவு எண்ணெய் என்பதிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. எண்ணெயைக் குறைத்தால் அப்பம் குறைவாகக் குடிக்கும் என்று கருதி, பணியாரத்துக்கு விடுவதுபோல் அரைக் கரண்டி விடுகிறார்கள். எண்ணெய் கொஞ்சமாக இருந்தால் மாவு விழுந்ததும் அதன் சூடு சட்டென இறங்கிவிடும், பக்கங்கள் தோலாகாமல் மேற்புறம் பச்சையாக நிற்கும், வேகும் நேரம் நீளும். குழியின் பாதியளவு எண்ணெய் விட்டு, அதன் நடுவில் மாவை ஊற்றி, இரண்டும் சேர்ந்து விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்வதே ஏற்றது.

எண்ணெயில் விட்டதும் மாவு பிரிகிறது, கரைகிறது

மாவை ஊற்றியதும் அது உருண்டு திரளாமல் நுரையாகப் பரவி, எண்ணெய் முழுவதும் பழுப்பு நிறத் துகள்கள் மிதந்தால், வெல்லமோ பழமோ மாவின் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. சர்க்கரை மிகுந்த மாவில் அரிசியின் மாவுச்சத்து வேகவே கூடுதல் சூடும் நேரமும் வேண்டியிருக்கிறது. அதற்குள் வெல்லம் உருகி ஓடி, திரளவேண்டிய மாவைக் கலைத்துவிடுகிறது. நெய்யை மாவில் நேரடியாகத் தாராளமாக ஊற்றினாலும் இதே நிகழும். தேங்காய்ப் பல் வறுத்த நெய் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் மாவில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் இந்தக் குறையோடு வந்தாள். "அக்கா, மாவு விட்டதும் எண்ணெயில கரைஞ்சு போகுது. ரெண்டு ஈடு ஊத்திட்டேன், ஒண்ணும் உருண்டு வரல," என்றாள். சட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மாவைக் கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்த்தோம்; தடம் நிற்கவேயில்லை, ஊற்றிய கணத்தில் மறைந்தது. என்ன பழம் என்று கேட்டேன். வீட்டில் கனிந்து கிடந்த ரோபஸ்டா மூன்று என்றாள். மிச்சமிருந்த பழத்தில் ஒன்றை உரித்து நிறுத்தால் 110 கிராம் இருந்தது. அப்படியானால் 150 கிராம் போகவேண்டிய இடத்தில் 330 கிராம் போயிருக்கிறது. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு நீர் என்பதால், கூடுதலாகப் போன 180 கிராமில் ஏறக்குறைய 135 மில்லி நீரும், எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரையுமாக மாவுக்குள் சேர்ந்திருந்தது. நீர்த்ததற்கும் கரைந்ததற்கும் அது ஒன்றே போதுமான காரணம்.

அவள் கூடுதலாக இன்னும் கொஞ்சம் ஆப்பச்சோடா போடலாமா என்று கேட்டாள். அது இருக்கும் திரட்சியையும் குலைத்துவிடும் என்று தடுத்துவிட்டேன். 100 கிராம் அரிசிமாவும் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவும் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்தோம். கோதுமை மாவு இதற்கு மரபான சேர்மானம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அரிசியில் இல்லாத பசைத்தன்மை அதில் இருப்பதால் பிரியும் மாவை அது பிடித்து நிறுத்துகிறது. இரண்டு மேசைக்கரண்டியில் சுவை மாறுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தடம் இரண்டு நொடி நின்றது. அதற்குள் எண்ணெயில் மிதந்த துகள்களை வடிகட்டி எடுத்துவிட்டோம், ஏனெனில் அவை கருகி அடுத்த ஈட்டின் மேல் ஒட்டும். பிறகு ஒரே ஒரு குழியில் மட்டும் மாவை ஊற்றிப் பார்த்தோம். ஓரம் சிறிது பரவினாலும் உருண்டு எழுந்தது. இன்னும் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு சேர்த்ததும் பரவலும் நின்றது. அப்பங்கள் வழக்கத்தைவிடச் சற்றே நிறம் கூடி வந்தன, பழச்சர்க்கரை மிகுதி என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. தீயை ஒரு படி குறைத்துச் சமாளித்தோம்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது, திருத்தத்தை எப்போதும் ஒரு குழியில் சோதித்த பிறகே மீதி மாவுக்குச் செய்வது. ஏழு குழியிலும் ஊற்றிவிட்டுத் தவறு என்று அறிந்தால் மாவும் எண்ணெயும் சேர்ந்து வீணாகின்றன.

ஆறியதும் கல்லாக இறுகுகிறது

சூடாக இருக்கும்போது மென்மையாகத் தோன்றிய அப்பம் ஆறிய ஒரு மணி நேரத்தில் கடிக்க முடியாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது மாவு ஊறாமை. கடையில் வாங்கும் உலர்ந்த அரிசிமாவு, குறிப்பாக இடியாப்பத்துக்கென்று வறுத்து விற்கும் மாவு, நீரை மெதுவாகவே உள்வாங்கும். அரைமணி நேரத்தில் சுட்டால் துகள்களின் வெளிப்புறம் மட்டும் வெந்து, நடு உலர்ந்தே இருக்கும். ஆறும்போது அந்த உலர்ந்த நடு வெளிப்புறத்தின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு அப்பத்தை இறுக்கிவிடும். இதை அறிய, மாவில் ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய தரிதரிப்பு இருக்கலாம், இருப்பது நல்லதுங்கூட. மேல்தோல் மொறுமொறுப்பாவது அதனால்தான். ஆனால் மணல்போல் கூர்மையாக உறுத்தினால் இன்னும் இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் சிறிது உலர்த்தி அரைத்துச் சலித்த ஈரமாவு எனில் ஊறல் நேரம் குறையும். அதில் ஏற்கெனவே நீர் இருப்பதால் வெல்லம் கரைக்க 150 மில்லிக்குப் பதில் 100 மில்லியில் தொடங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வெல்லப் பாகு. அதிரசத்துக்குப் பழகிய கைகள் இங்கேயும் பாகைக் கம்பிப்பதத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. கம்பிப்பதம் கண்ட பாகு ஆறும்போது மறுபடி இறுகும் தன்மையுடையது. அது அப்பத்துக்குள்ளும் அதையே செய்யும். வெல்லம் கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள், விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும், நூல் வரக்கூடாது. பாகு முற்றிவிட்டது என்று தெரிந்தால் கால் குவளை வெந்நீர் ஊற்றி மறுபடி கரைத்தாலே போதும், வீணாக்க வேண்டியதில்லை. பாகைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றுவதும் இதனோடு சேர்ந்த பிழை. அரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய 70 பாகையை ஒட்டிய சூட்டில் வேகத் தொடங்குவதால், கொதிக்கும் பாகு பட்ட இடம் உடனே வெந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டிகள் எவ்வளவு அடித்தாலும் கரையாது. சுட்ட அப்பத்தில் ரப்பர் துண்டுபோல் பல்லில் மாட்டும். அவற்றை அரிப்பில் வடித்தெடுப்பதுதான் வழி.

மூன்றாவது காரணம் பழம் குறைவது. பழத்தில் உள்ள சர்க்கரையும் நாரும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழமே போடாத அப்பம் அதனாலேயே விரைவில் உலர்கிறது. பழம் போதாது என்று தோன்றினால் மாவில் இன்னொரு சிறு பழத்தை அரைத்துச் சேர்க்கலாம், ஆனால் அதற்கு ஈடாகச் சேர்க்கவிருந்த நீரை நிறுத்திவிட வேண்டும். பழத்தைத் துண்டும் துணுக்குமாக மசிக்கக்கூடாது. மாவில் நிற்கும் பழத் துண்டு எண்ணெயில் பட்ட இடத்தில் கருகும், உள்ளே ஈரப் பொட்டாக நிற்கும், மறுநாள் முதலில் கெடுவதும் அந்த இடமே.

வெளியே கறுத்துவிட்டது, உள்ளே மாவு வேகவில்லை

இது தீ மிகுந்ததன் அடையாளம் என்பதில் ஐயமில்லை. வெல்லமும் பழமும் சேர்ந்த மாவு வடை மாவைவிட விரைவாக நிறம் மாறும். நிறத்தைப் பார்த்து வெந்தது என்று முடிவு செய்தால் நடு பச்சையாகவே இருக்கும். எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, மாவை ஊற்றியதும் தீயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்கிவிட வேண்டும். முதல் பக்கம் சுமார் இரண்டு நிமிடம். விளிம்பு பழுப்பாகி, மேற்புறத்தின் ஈரப்பளபளப்பு போய் மங்கலானதும் கம்பியால் ஓரத்தில் குத்தித் திருப்பிவிடுங்கள். அடுத்த பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். திருப்பியபின் அப்பத்தைச் சுற்றி எழும் குமிழிகள் குறைந்து, சத்தமும் அடங்குவது உள்நீர் வெளியேறி முடிந்ததன் அறிகுறி. நடுவில் ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். வெண்கலத்தில் வார்த்த அப்பக்காரையும் கனமான இரும்புச் சட்டியும் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், அவற்றில் தீயைக் குறைத்த பிறகும் சூடு இறங்கச் சிறிது நேரமாகும். மெல்லிய ஒட்டாச் சட்டியில் உடனே இறங்கிவிடும். புதிய சட்டியில் சுடுபவர்கள் முதல் ஈட்டை வைத்துத் தீயின் அளவைக் கணித்துக்கொள்ள வேண்டும்.

குழியை விளிம்பு வரை நிரப்பினாலும் நடு வேகாது. சட்டியின் நடுக்குழி மற்றவற்றைவிட எப்போதும் சூடு கூடுதலாக இருக்கும் என்பதால் அதில் கடைசியாக ஊற்றி, முதலில் திருப்புங்கள்.

குழியில் ஒட்டிக்கொள்கிறது

பெரும்பாலும் சட்டி பழகாததே காரணம். புதிய இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவைப்பதை மூன்று நான்கு முறை செய்து, வெறும் அரிசிமாவுப் பணியாரம் ஓர் ஈடு சுட்டு எடுத்த பிறகே வெல்ல மாவை ஊற்ற வேண்டும். பழகிய சட்டியிலும் ஒட்டினால், முந்தைய ஈட்டின் வெல்லக் கரி குழியின் அடியில் படிந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டால் போதும். அடிப்பக்கம் தோலாகும் முன்பே அவசரப்பட்டுக் குத்தித் திருப்புவதாலும் ஒட்டும்.

மறுநாள் இறுகிவிடுகிறது

சுட்ட அன்று குறையில்லாமல் இருந்த அப்பம் மறுநாள் இறுகியிருந்தால், எங்கே வைத்தீர்கள் என்று பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் குளிரில், வெந்த அரிசிமாவு விரைவாக மறுபடி இறுகும். பழைய சோறு விறைப்பது எப்படியோ அப்படியே. பழம் சேர்ந்த உண்ணியப்பம் முழுவதும் ஆறிய பிறகு மூடிய பாத்திரத்தில் வெளியிலேயே இரண்டு மூன்று நாள் தாங்கும். சூடாக இருக்கும்போது மூடினால் மூடியில் கோத்த நீர் திரும்ப விழுந்து மேல்தோலை நமத்துப்போகச் செய்து, பூஞ்சணத்துக்கும் இடம் கொடுக்கும். தேங்காய்ப் பல்லை ஈரம் போகும் வரை வறுக்காமல் போட்டிருந்தாலும் அந்த இடம் முதலில் ஊசிப்போகும். இரண்டு மூன்று நாளுக்கு மேலும் வைக்க வேண்டுமானால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். எடுத்ததும் இட்லித் தட்டில் மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வைத்தால் உள்பகுதி மறுபடி இளகிவிடும். மேல்தோலின் மொறுமொறுப்பும் வேண்டுமென்றால், ஆவியிலிருந்து எடுத்த அப்பத்தை எண்ணெய் விடாத சூடான பணியாரக் குழியில் பக்கத்துக்கு அரை நிமிடம் புரட்டி எடுக்கலாம். மறுபடி எண்ணெயில் போடக்கூடாது. ஏற்கெனவே துளைகள் திறந்திருக்கும் அப்பம் அந்த எண்ணெயைத் தயங்காமல் குடித்துவிடும்.